சந்தை, ஆட்டுத்தொட்டி, மயானம்: குத்தகை விடுதலும் வாடகை வசூலும்

பேரூராட்சியிலோ சிறிய நகராட்சியிலோ புதிதாகப் பொறுப்பேற்றுள்ள செயல் அலுவலருக்கும், வருவாய்ப் பிரிவில் இந்த இனங்களைக் கவனிக்கும் உதவியாளருக்கும் ஜனவரி மாதம் பிறந்தவுடன் கையிலெடுக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. மார்ச் 31 ஆம் தேதி நள்ளிரவோடு முடிந்துபோகும் ஆண்டுக் குத்தகைகள் அனைத்துக்கும் ஏப்ரல் 1 ஆம் தேதி காலையில் புதிய குத்தகைதாரர் கையெழுத்திட்ட பத்திரத்தோடு நிற்கும்படி செய்துவிடுவதே அது. இந்த அத்தியாயம் அந்தக் காரியத்தை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகச் சொல்கிறது. வாரச்சந்தைக்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். ஏனெனில் பணம் அதிகமாக ஒழுகுவதும், ஏழை வியாபாரி அதிகமாகச் சுரண்டப்படுவதும் அங்கேதான்.

சட்ட விஷயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் தொடங்குவதற்குப் போதும். இன்று நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அடிப்படையாக இருப்பவை 1998 ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், அதன்கீழ் 2023 இல் வந்த விதிகளும் ஆகும். அலுவலக அலமாரியில் இருக்கும் பழைய குத்தகை நிபந்தனைத் தாள் பெரும்பாலும் 1920 ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் பிரிவுகளைச் சுட்டிக்கொண்டிருக்கும்; அதை அப்படியே தட்டச்சு செய்து ஆண்டை மட்டும் மாற்றுவது பலகாலப் பழக்கம். அந்தப் பழக்கத்தை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள்.

வாரச்சந்தை: எதை ஏலம் விடுகிறோம்?

ஏலத்தில் நீங்கள் விற்பது சந்தை இடத்தை அன்று; மன்றம் நிர்ணயித்த விகிதப்படி அடிக்காசு வசூலித்துக்கொள்ளும் உரிமையை மட்டுமே, அதுவும் ஓர் ஆண்டுக்கு மட்டுமே விற்கிறீர்கள். தரையில் சாக்கு விரித்துக் கத்திரிக்காய் விற்கும் அம்மாளுக்கும் உங்களுக்கும் இடையே குத்தகைதாரர் ஒரு வசூல் ஏஜெண்டாக நிற்கிறாரே தவிர, அந்த இடத்துக்குச் சொந்தக்காரராக நிற்கவில்லை. இந்த வித்தியாசம் நிபந்தனைத் தாளில் தெளிவாக எழுதப்படாத ஊர்களில், குத்தகைதாரர் நிரந்தரக் கொட்டகை போடுவதும், இடங்களைத் தாமே ஆளுக்கு ஆள் ஒதுக்குவதும், பின்பு ஒதுக்கிய இடத்துக்குத் தனியே முன்பணம் வாங்குவதும் நடந்தே தீரும்.

செய்ய வேண்டியவை, வரிசைப்படி:

1. சந்தை இடத்தின் நில அளவைப் பதிவேட்டு நகலையும் வரைபடத்தையும் எடுத்து, அளவரோடு ஒருமுறை எல்லையைச் சுற்றி நடந்து பாருங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் ஏல அறிவிப்புக்கு முன்பே குறித்துவிடுங்கள். இல்லையேல் 'சொன்ன இடம் கைக்கு வரவில்லை' என்று குத்தகைதாரர் பிறகு தள்ளுபடி கேட்பார்.

2. கட்டண விகிதம் மன்றத் தீர்மானத்தில் இருக்கிறதா, கடைசியாக எந்த ஆண்டு திருத்தப்பட்டது என்று பாருங்கள். கூடை, சாக்கு, தரைக்கடை, சிறு சரக்கு வண்டி, லாரி, ஆடு, மாடு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விகிதம் இருக்க வேண்டும். 'இதர சரக்குகள்' என்று ஒரு வரி இருந்தால் அதை நீக்குங்கள்; தகராறுகளில் பாதி அந்த ஒரு வரியிலிருந்துதான் முளைக்கின்றன.

3. நேரில் கணக்கெடுங்கள். இதன் முறையைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

4. குறைந்தபட்ச ஏலத்தொகையை நிர்ணயித்து மன்றத்தின் அனுமதி பெறுங்கள்.

5. ஏல அறிவிப்பைப் பிப்ரவரி முதல் வாரத்துக்குள் வெளியிடுங்கள். பத்திரிகை விளம்பரம், அலுவலகப் பலகை, சந்தையின் வாசல், பக்கத்து உள்ளாட்சி அலுவலகங்களின் பலகை ஆகிய எல்லாவற்றிலும் அறிவிப்பு வர வேண்டும். டேவணித் தொகை எவ்வளவு, வட்டாட்சியரின் சொத்து மதிப்புச் சான்று எவ்வளவு தொகைக்கு வேண்டும், வரிகள் ஏலத்தொகைக்கு மேல் தனி என்பன போன்ற எல்லாமே அறிவிப்பிலேயே இருக்கட்டும்.

6. மூடிமுத்திரையிட்ட ஒப்பந்தப்புள்ளியையும் பகிரங்க ஏலத்தையும் ஒரே நாளில் நடத்துங்கள். ஏலம் முடிந்த பிறகே ஒப்பந்தப்புள்ளி உறைகளைப் பிரிக்க வேண்டும். முன்பே பிரித்தால் ஏலம் கேட்பவர்களுக்கு இலக்கு தெரிந்துவிடும்.

7. உச்சத் தொகையை மன்றத்தின் அங்கீகாரத்துக்கு மார்ச் மாதக் கூட்டத்திலேயே வையுங்கள்.

8. முழுத் தொகையும், அல்லது விதிகள் அனுமதிக்கும் முதல் தவணையும் காப்புத் தொகையும் செலுத்திய பிறகே ஒப்பந்தம் எழுதி வேலை உத்தரவு கொடுங்கள். பணத்துக்கு முன் உத்தரவு கொடுப்பது கூடாது.

கணக்கெடுப்பு: ஓர் உதாரணம்

குறைந்தபட்ச ஏலத்தொகையை நிர்ணயிக்கும்போது பெரும்பாலான அலுவலகங்கள் கடந்த மூன்றாண்டுச் சராசரியையோ, சென்ற ஆண்டுத் தொகையின் மேல் ஐந்து சதவீதத்தையோ எடுத்துக்கொண்டு திருப்தியடைந்துவிடுகின்றன. தணிக்கைக்கு அது போதும். ஆயினும், மூன்று ஆண்டுகளாக ஒரே நபர் இரண்டு போலி ஏலதாரர்களை முன்னே நிறுத்திக்கொண்டு குறைந்த தொகைக்கு எடுத்து வந்திருந்தால், அந்தச் சராசரி அவருடைய சாமர்த்தியத்துக்குத்தான் கணக்கு. சந்தையின் வரும்படிக்கு அன்று.

ஆகவே சந்தை நாளில் நேரில் போய் எண்ணுங்கள். சந்தை விடியற்காலையில் தொடங்குமானால் காலை ஏழு மணிக்கு ஒருமுறையும், பத்து மணிக்கு ஒருமுறையும், மாலை நாலு மணிக்கு ஒருமுறையும் எண்ண வேண்டும். காலையில் கீரை விற்றவர் எழுந்துபோன அதே இடத்தில் மாலையில் ஒருவர் பொரிகடலை விற்பார், இருவரிடமும் வசூல் உண்டு. குறைந்தது மூன்று சந்தை நாள்கள் எண்ணுங்கள்: சாதாரண வாரம் ஒன்று, பண்டிகைக்கு முந்திய வாரம் ஒன்று, மழை வாரம் ஒன்று. எண்ணுவதற்கு அதே சந்தையில் பலகாலம் இருந்த பணியாளரை அனுப்பாதீர்கள். அவர் முகத்தைக் கண்டதும் குத்தகைதாரரின் ஆட்கள் உஷாராகிவிடுவார்கள்.

ஒரு பேரூராட்சியின் வாரச்சந்தையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். சென்ற மூன்று ஆண்டுகளில் குத்தகை முறையே 1,90,000, 2,00,000, 2,10,000 ரூபாய்க்குப் போயிருக்கிறது. சராசரி இரண்டு லட்சம். சென்ற ஆண்டின் மேல் ஐந்து சதவீதம் கூட்டினால் 2,20,500. இனி, சாதாரண வாரம் ஒன்றில் எண்ணியதைப் பாருங்கள்:

- தரைக்கடை 240, தலைக்கு 20 ரூபாய்: 4,800
- சிறு சரக்கு வண்டி 30, தலைக்கு 40 ரூபாய்: 1,200
- லாரி 6, தலைக்கு 100 ரூபாய்: 600
- ஆடு 150, தலைக்கு 20 ரூபாய்: 3,000

ஆக, வாரத்துக்கு 9,600 ரூபாய். 52 வாரங்களுக்கு 4,99,200 வரும். ஆனால் மழையும், நோய்க்காலக் கால்நடைத் தடையும், சந்தை கூடாத வாரங்களும் உண்டாதலால் 46 முழு வாரங்கள் என்று கொள்வது நியாயம், அப்போது 4,41,600. வசூலிக்க நாலு ஆட்கள், ஆளுக்கு 600 ரூபாய் கூலி. சந்தை கூடாத வாரமும் அவர்களைக் கைவிட முடியாதாகையால் 52 வாரங்களுக்குக் கணக்கிட்டால் 1,24,800. மீதம் 3,16,800. குத்தகைதாரரின் உழைப்புக்கும் நஷ்ட பயத்துக்கும் இதில் சுமார் 45,000 விட்டுவிட்டால் 2,71,800. ஆகவே இந்தச் சந்தைக்கு 2,70,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஏலத்தொகையாக வைக்கலாம். பழைய முறைக்கும் இதற்கும் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் ரூபாய் வித்தியாசம்.

இதே கணக்கு வேறொரு காரியத்துக்கும் உதவும். என் அபிப்பிராயத்தில் அதுவே அதிக முக்கியமானது. ஏலத்தில் ஒருவர் ஆறு லட்சம் ரூபாய்க்குக் கேட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மன்றத்தில் கைதட்டுவார்கள்; வருமானம் மூன்று மடங்கு என்று செய்தி வரும். ஆனால் ஒரு வாரம் கூடத் தவறாமல் சந்தை கூடினாலும் விகிதப்படி வசூலாவது 4,99,200 ரூபாய்தானே? மீதி ஒரு லட்சமும், ஆட்கூலியும், அவருடைய ஆதாயமும் எங்கிருந்து வரும்? இருபது ரூபாய் அடிக்காசு நாற்பது ரூபாயாவதிலிருந்துதான் வரும். கணக்கின் உச்சத்தைத் தாண்டிய ஏலம், விகிதத்தை மீறிய வசூலுக்கு முன்னறிவிப்பு. அந்நிலையில் ஏலத்தை ரத்து செய்யச் சட்டக் காரணம் இல்லாமல் போகலாம். எனினும் உச்ச ஏலதாரரிடம் அவருடைய வரவுக் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்கிக் கோப்பில் வைப்பதும், முதல் மாதத்தின் எல்லாச் சந்தை நாள்களிலும் திடீர்ச் சோதனைக்கு ஆள் நியமிப்பதும் உங்கள் கையில் இருக்கின்றன.

பொள்ளாச்சியில் நடப்பதுபோன்ற பெரிய மாட்டுச்சந்தைகளில் இந்தக் கணக்கு இன்னும் சுலபம். மாட்டை எண்ணுவது கூடையை எண்ணுவதைவிட எளிது, ஏனெனில் அது வாசல் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

ஏல நாளன்று கவனிக்க

ஏல மண்டபத்தில் கூட்டுச் சேர்ந்தவர்களை அடையாளம் காண்பது சிரமமில்லை. டேவணித் தொகைக்கான வங்கி வரைவோலைகள் ஒரே கிளையில் ஒரே நாளில் அடுத்தடுத்த எண்களில் எடுக்கப்பட்டிருக்கும்; மூவர் வந்து, ஒருவர் மட்டும் ஐந்நூறு ஐந்நூறாக ஏற்ற, மற்ற இருவர் சீக்கிரமே வாய் மூடிக்கொள்வார்கள். குறைந்தபட்சத் தொகைக்கு ஒட்டி ஏலம் நின்றுவிட்டால் வெட்கப்படாமல் ஒத்திவைத்து மறு ஏலத்துக்குப் போங்கள். அந்த உரிமையை அறிவிப்பில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தை ஏலம் சில ஊர்களில் அடிதடியில் முடிந்ததுண்டு. போலீஸ் நிலையத்துக்கு ஒரு வாரம் முன்பே கடிதம் கொடுங்கள். ஏலம் கேட்பவருக்குத் தலைக்கு ஒரு துணையாள் மட்டும் என்று வைத்து, நுழைவுச் சீட்டின்றி எவரையும் விடாதீர்கள். நிகழ்ச்சியை முழுவதும் காணொளியில் பதிவு செய்யுங்கள். ரொக்கமாக டேவணி வாங்காதீர்கள். ஏலத்தாளில் ஒவ்வொரு கேள்வித் தொகையையும் கேட்டவர் பெயரையும் அவ்வப்போதே எழுதி, கடைசியில் கேட்டவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மறுநாள் எழுதும் ஏலத்தாளுக்கு நீதிமன்றத்தில் மதிப்பு இராது.

மார்ச்சில் முடியாவிட்டால்

மன்றக் கூட்டம் தள்ளிப்போய் ஏப்ரல் பிறந்துவிட்டால், 'பழையவரே இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று வாய்மொழியாக விடுவதைப்போல் ஆபத்தான காரியம் இந்தத் துறையில் இல்லை. அவர் வசூலித்துக்கொண்டே இருப்பார். எந்த விகிதத்தில் என்றும் எவ்வளவு என்றும் உங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இராது. மூன்று மாதம் கழித்து நீங்கள் பணம் கேட்கும்போது, ஒப்பந்தமே இல்லையே என்பார். அத்தகைய இடைவெளியில் இலாகா மூலம் வசூல் செய்யுங்கள். உள்ளாட்சியின் சொந்தப் பணியாளர்கள், தொடர் எண்ணிட்ட ரசீதுப் புத்தகம், மாலைக்குள் கருவூலத்திலோ வங்கியிலோ செலுத்துதல்: இவ்வளவுதான் தேவை. இதில் ஒரு மறைமுக லாபமும் உண்டு. நாலு வாரம் நேர்மையாக வசூலித்த தொகை, அடுத்த ஏலத்தில் எந்தச் சராசரியையும்விட உறுதியான ஆதாரமாக இருக்கும்.

வசூல் நடக்கும்போது

சந்தை வாசலில் கட்டண விகிதப் பலகை ஆள் உயரத்தில், தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். புகார் சொல்ல அலுவலகத் தொலைபேசி எண்ணும் அதிலேயே இருக்கட்டும். குத்தகைதாரர் கொடுக்கும் சீட்டில் உள்ளாட்சியின் பெயர், தொகை, தொடர் எண் மூன்றும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுச் சீட்டில் கையால் தொகை எழுதுவது ஒப்பந்த மீறல் என்று முன்பே நிபந்தனை இடுங்கள்.

சோதனை செய்வதற்குச் சுலபமான வழி இது: சந்தைக்குள் அதிகாரியாகப் போகாமல், பை ஒன்றோடு காய் வாங்கப் போகிறவராகப் போய், மூன்று தரைக்கடைகளில் காய் வாங்கி, பணம் கொடுக்கும்போது அன்றைய அடிக்காசு எவ்வளவு என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். மூவரும் ஒரே தொகை சொல்லி அது பலகைத் தொகையோடு பொருந்தினால் நல்லது. மூவரும் ஒரே தொகை சொல்லி அது பலகையைவிட அதிகமாயிருந்தால் உடனே சீட்டுகளைக் கைப்பற்றுங்கள். முதல் மீறலுக்கு அபராதம், இரண்டாவதற்கு அதிக அபராதம், மூன்றாவதற்குக் குத்தகை ரத்தும் காப்புத் தொகைப் பறிமுதலும் என்று ஒப்பந்தத்தில் படிப்படியாக இருந்தால் நடவடிக்கை எடுக்க மனம் வரும். ஒரே அடியாக ரத்து என்று மட்டும் எழுதியிருந்தால் எவரும் அதைச் செய்யத் துணிவதில்லை.

சந்தை கூடாத வாரங்களுக்குத் தள்ளுபடி உண்டா இல்லையா என்பதையும் எழுதிவிடுங்கள். 2020 ஆம் ஆண்டு ஊரடங்கின்போது சந்தைகள் மூடிக் கிடந்தனவே. அப்போது இந்த ஒரு வாசகம் இல்லாத ஒப்பந்தங்களைக் கையில் வைத்திருந்தவர்கள் பட்ட சிரமம் சிறிதன்று. அரசாணையால் மூடப்படும் நாள்களுக்கு மட்டும் விகிதாசாரத் தள்ளுபடி என்றும், மழைக்கும் பண்டிகைக்கும் இல்லை என்றும் பிரித்து எழுதுவது நியாயமாகும்.

நிரந்தரக் கடைகளின் வாடகை

தினசரிச் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் உள்ள கட்டடக் கடைகளின் கதை வேறு. இங்கே ஒருவருக்குக் குறிப்பிட்ட கடையைப் பல ஆண்டுக்கு வாடகைக்கு விடுகிறோம். மாதாமாதம் கேட்பு எழுப்ப வேண்டும். பதிவுச் சட்டப்படி ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரம் பதிவு செய்யப்பட்டே ஆக வேண்டும். பதிவுக் கட்டணத்துக்குப் பயந்து இருபது ரூபாய்த் தாளில் எழுதி அலமாரியில் வைத்துள்ள பத்திரங்களை நம்பி எந்த வழக்கும் நிற்காது.

கேட்பு வசூல் நிலுவைப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு கடைக்கும் இந்த நாலையும் சரிபாருங்கள்:

1. குத்தகைக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது? முடிந்து எத்தனை ஆண்டாயிற்று?

2. கடைசி வாடகை உயர்வு எப்போது? பல கடைகளின் பழைய பத்திரங்களில், 2007 ஆம் ஆண்டு அரசாணையை ஒட்டி ஒன்பது ஆண்டுக் காலமும், மூன்றாண்டுக்கு ஒருமுறை பதினைந்து சதவீத உயர்வும் இருக்கும். அந்த உயர்வு கேட்பில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாமல் விட்டுப்போன உயர்வே பிற்காலத்தில் பெரு நிலுவையாகிறது.

3. மின் இணைப்பும் வணிகப் பதிவும் யார் பெயரில் உள்ளன? பதிவேட்டில் ஒருவர், கடைப்பலகையில் வேறொருவர், ஜி.எஸ்.டி. சான்றிதழில் மூன்றாமவர் என்றிருந்தால் உள்வாடகை நடக்கிறது என்பது நிச்சயம். மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு எடுத்த கடையை உள்வாடகைக்கு விட்டுப் பத்தாயிரம் வாங்குவது அபூர்வமன்று.

4. ஜி.எஸ்.டி. கேட்பில் உள்ளதா? உள்ளாட்சிக் கடை வாடகைக்குப் பதினெட்டு சதவீத வரி உண்டு. வாடகைதாரர் பதிவு பெற்றவரானால், 2018 ஜனவரி 25 முதல், அவரே எதிர்முறையில் நேராகச் செலுத்த வேண்டும். பதிவு பெறாதவரானால் நீங்கள் வசூலித்துக் கட்ட வேண்டும்.

வாடகையை மிகப் பல ஆண்டுகள் உயர்த்தாமலிருந்துவிட்டு ஒரே பாய்ச்சலில் சந்தை மதிப்புக்கு ஏற்றுவது எப்படி முடியும் என்பதற்கு உதகமண்டலம் ஓர் உதாரணம். அங்கே நகராட்சிச் சந்தையில் வாடகை உயர்வை எதிர்த்த வியாபாரிகளின் நிலுவை பல கோடியாகப் பெருகி, 2021 ஆம் ஆண்டில் கடைகளைப் பூட்டி முத்திரையிடும் நிலை வந்தது. ஆண்டுதோறும் சிறிதாக உயர்த்தியிருந்தால் இரு தரப்பாருக்கும் அந்த நாள் வந்திராது.

*காலம் முடிந்த கடைகளில் ஒரு கண்ணி.* குத்தகைக் காலம் முடிந்த பிறகும் 'வாடகை' என்று ரசீது எழுதிப் பணம் வாங்கிக்கொண்டே இருந்தால், சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 116 ஆவது பிரிவை எடுத்துக்காட்டி, மாதக் குத்தகை தொடர்வதாக வாடகைதாரர் வாதிடுவார். பணத்தை வாங்க வேண்டாம் என்பதில்லை. ரசீதில் 'உரிமைக்குப் பாதகமின்றி, இட உபயோக இழப்பீடாக' என்று ஒரு முத்திரை அடித்து வாங்குங்கள். கணினியில் ரசீது அச்சாகும் இடங்களில் அந்தத் தலைப்பை மாற்றி அமைக்கச் சொல்லுங்கள். இதற்காகச் செலவிடும் ஒரு மத்தியானம் வீணாகாது.

நிலுவைக்காரரை வெளியேற்ற 1975 ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது வளாகங்கள் (அனுமதியற்ற குடியிருப்போரை வெளியேற்றுதல்) சட்டம் இருக்கிறது. அறிவிப்புக் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் அளித்து, காரணம் கூறும் உத்தரவு பிறப்பித்து, அதன் பிறகே பூட்டில் கை வைக்க வேண்டும். பூட்டும் நாளில் உள்ளே இருக்கும் சரக்கை இரண்டு வெளியாட்கள் முன்னிலையில் பட்டியலிட்டு, புகைப்படம் எடுத்து, பட்டியலின் பிரதியை உரியவருக்குக் கொடுங்கள். அழுகும் சரக்கை அவரே எடுத்துப் போகட்டும். பட்டியலின்றிப் பூட்டிய கடைக்குள் பத்து லட்சம் ரூபாய் ரொக்கம் இருந்தது என்று மறுநாள் புகார் வந்தால், இல்லை என்று உங்களால் நிரூபிக்க முடியாது.

ஆட்டுத்தொட்டி

சந்தையைப்போலவே இங்கும் கட்டணம் வசூலிக்கும் உரிமையை ஏலம் விடும் வழக்கம் உண்டு. தலைக்கு இவ்வளவு என்று அறுவைக் கட்டணம். ஆனால் ஒரு விஷயத்தில் முற்றிலும் வேறு. குத்தகைதாரருக்கு எவ்வளவு அதிகம் ஆடு அறுபடுகிறதோ அவ்வளவு லாபம். ஆகவே நோயுற்ற ஆட்டைத் திருப்பியனுப்புவதில் அவருக்கு அக்கறை இராது. எனவே பரிசோதனையும் இறைச்சியின் மீது முத்திரையிடுதலும் ஒருபோதும் குத்தகையில் சேரக்கூடாது. முத்திரைக் கட்டை உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவின் பூட்டில் இருக்க வேண்டும்.

குறைந்தபட்ச ஏலத்தொகை போடுமுன் ஓர் எல்லையைக் கவனியுங்கள். பிராணிகள் வதைத் தடுப்பு (அறுவைக்கூடம்) விதிகள், 2001 இன்படி, ஒரு கால்நடை மருத்துவர் மணிக்குப் பன்னிரண்டு பிராணிகளுக்கு மேலும், நாளுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேலும் பரிசோதிக்கக்கூடாது. பரிசோதித்த பிராணிக்கு அறுப்பதற்கு முன் இருபத்துநாலு மணி நேர ஓய்வு வேண்டும். சினையுற்றதையும், மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியையும், மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியுடைய தாயையும் அறுக்கக்கூடாது. ஆகவே, ஒரு மருத்துவர் முதல் நாள் நாலு மணி நேரம் வந்துபோகும் தொட்டியில் மறுநாள் சட்டப்படி அறுக்கக்கூடியவை நாற்பத்தெட்டுதான். தீபாவளிக்கு இருநூறு ஆடு என்று கணக்குப் போட்டு ஏலத்தொகையை ஏற்றினால், பரிசோதனையில்லாத அறுவைக்கு நீங்களே ஏற்பாடு செய்தவர்களாவீர்கள். கூடுதல் மருத்துவருக்குக் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு எழுதிச் சம்மதம் வாங்கிய பிறகே அந்த எண்ணைக் கணக்கில் சேருங்கள்.

தவறு நடக்கிறதா என்று அறியும் வழி, மூன்று எண்களை ஒப்பிடுவதுதான்: மருத்துவரின் சான்றுப் பதிவேடு, குத்தகைதாரரின் சீட்டு அடிக்கட்டை, சுகாதாரப் பிரிவின் முத்திரைப் பதிவேடு. சீட்டு சான்றைவிட அதிகமானால் பரிசோதனையின்றி அறுபடுகிறது. சீட்டு குறைவாக இருந்து, ஊரிலுள்ள இறைச்சிக் கடைகளில் தொங்குவது அதிகமானால், வீட்டுக் கொல்லைகளில் அறுவை நடக்கிறது. அறுவைக் கட்டணம் மிக அதிகமாக இருப்பதோ, தொட்டி வெகுதூரத்தில் இருப்பதோ அதற்குக் காரணமாயிருக்கும். கட்டணத்தைக் குறைத்தால் வருமானம் கூடிய சந்தர்ப்பங்கள் இந்த ஒரு இனத்தில் உண்டு.

காந்தி ஜயந்தி, மகாவீர் ஜயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள் போன்ற மூடுநாள்களுக்குத் தள்ளுபடி இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஈரத் தரையைக் கழுவுதலும், இரத்தமும் கழிவும் சாக்கடையில் கலவாமல் அகற்றுதலும் யார் செலவு என்பதையும் எழுதாமல் விடாதீர்கள். யாருடையது என்று எழுதாத செலவு கடைசியில் உங்கள் தூய்மைப் பணியாளரின் தலையில்தான் விழும்.

மயானம்

இதை வருமான இனங்களின் பட்டியலில் சேர்த்து ஏலம் விடலாமா என்று மன்றத்தில் எப்போதாவது ஒருவர் கேட்பார். வேண்டாம் என்று எழுத்தில் குறிப்பு வையுங்கள். இறந்தவரைக் கொண்டுவந்து நிற்கும் குடும்பத்துக்குப் பேரம் பேசும் நிலையே இல்லை. வேறிடம் போகவும் முடியாது. அத்தகைய இடத்தில் வசூல் உரிமையை அதிகத் தொகை கேட்டவருக்கு விற்பது, சந்தையில் சொன்ன அந்த ஆறு லட்ச ரூபாய் ஏலத்தின் தீமையைப் பன்மடங்காகச் செய்வதாகும்.

மயானத்தில் நீங்கள் செய்யக்கூடியது பராமரிப்பு ஒப்பந்தம். நவீன எரிவாயுத் தகன மேடையை நடத்தும் பொறுப்பைப் பல ஊர்களில் தொண்டு அறக்கட்டளைகளிடம் விட்டிருக்கிறார்கள். அப்படி விடும்போது:

1. ஒரு தகனத்துக்கான கட்டணத்தை மன்றமே நிர்ணயித்து வாசலில் எழுதிப்போடட்டும். ஆதரவற்றோர் உடலுக்குக் கட்டணமில்லை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

2. எரிவாயு, மின்சாரம், உலைச் செங்கல் மாற்றுதல் ஆகிய மூன்று செலவும் யாருடையவை என்று தனித்தனியே குறிப்பிடுங்கள். உலைச் செங்கல் செலவு பெரியது. அது எழுதப்படாத ஒப்பந்தங்களில் மேடை பழுதாகி மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும்.

3. எரிவாயு உருளைகள் தகனக் கூடத்துக்கு வெளியே காற்றோட்டமான பூட்டிய கூண்டில் இருக்க வேண்டும். குழாயின் கசிவுச் சோதனையைத் தேதியிட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சோதனை சோப்பு நீரால் நடக்கட்டும், தீக்குச்சியால் அன்று.

4. ஒவ்வொரு தகனத்துக்கும் அடக்கத்துக்கும் ரசீது, பதிவேடு இரண்டும் வேண்டும். 1969 ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி மயானப் பொறுப்பாளரும் இறப்பைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். மாதந்தோறும் மயானப் பதிவேட்டை இறப்புப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பதிவாகாத இறப்புகள் அங்கேதான் தென்படும்.

மயான சேவைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை ஈமச் சேவைகளை வரி வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. எவராவது ரசீதில் வரி சேர்த்து வாங்கினால் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சொத்து என்ற முறையில் மயானத்துக்கு உள்ள பெரிய அபாயம் ஆக்கிரமிப்பு. வருவாய்த் துறைக் கணக்கில் மயானப் புறம்போக்கு என்று வகைப்படுத்தப்பட்ட நிலத்தில், மதில் இல்லாத பக்கமாக ஒரு மாட்டுக்கொட்டகை வரும். அடுத்த ஆண்டு அதற்கு மின் இணைப்பு வரும். அதற்கடுத்த ஆண்டு உங்கள் அலுவலகமே அதற்குச் சொத்து வரி விதித்திருக்கும். ஆகையால் வரி விதிப்புப் பிரிவுக்கு மயானம், சந்தை, ஆட்டுத்தொட்டி ஆகிய மூன்றின் நில அளவை எண்களையும் எழுதிக் கொடுத்து, அந்த எண்களில் எந்த விண்ணப்பம் வந்தாலும் வருவாய்ப் பிரிவைக் கேட்காமல் வரி எண் தரக்கூடாது என்று உத்தரவு போடுங்கள். மயானத்திலுள்ள புளி, தென்னை போன்ற மரங்களின் மகசூலை மட்டும் வழக்கம்போல் தனியே ஏலம் விடலாம். மரத்தை வெட்டும் உரிமை அதில் அடங்காது என்ற ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.